சட்டையை மாத்துங்க, கழுத்தைத் தொடாதீங்க

1/ கொஞ்சம் நீளமான இழை. போட்டோவில் சட்டை மாத்துறதைப் பத்தி. டாக்டருக்கு இதில் என்ன வேலைன்னு தோணும். ஸ்டூடியோவில் கோட் போட்டுக் கொடுப்பாங்க. போனிலேயே ஆப் வெச்சு பனியனைச் சட்டையாக்குறோம், முழுக்கையை அரைக்கையாக்குறோம். அந்த வேலையில் கழுத்தில் இருந்த தழும்பும், கையில் இருந்த பச்சையும், மச்சமும் காணாமப் போகுது. அதனால ஒரு மனுஷன் ஆறு நாள் பேர் இல்லாமக் கிடந்ததைப் பார்த்திருக்கேன்.

2/ அந்தக் கதையிலிருந்தே தொடங்குறேன். ஆளைக் கண்டுபிடிக்க முடியாதபடி சில விவரங்களை மாத்தியிருக்கேன். நான் அப்போ வேலை பார்த்த ஆஸ்பத்திரிக்கு ஒருநாள் ராத்திரி 108-ல் ஒருத்தரைக் கொண்டு வந்தாங்க. ரோட்டோரம் விழுந்து கிடந்திருக்கார். நெற்றியில் பெரிய காயம், முகம் ஒரு பக்கம் வீங்கிப்போச்சு. வலது கையும் காலும் விழுந்துடுச்சு, பேச்சு சுத்தமா இல்லை. மூளையின் இடது பக்கம் பக்கவாதம் வந்தா இப்படி ஆகும். நாம சொல்றது கொஞ்சம் புரியலாம், ஆனா தன் பேரைச் சொல்ல வாய் வராது.

3/ சட்டைப் பையில் ஒண்ணும் இல்லை, போனும் இல்லை. கேஸ் ஷீட்டில் “அடையாளம் தெரியாத ஆண், வயது சுமார் 55” என்று எழுதினோம். காயத்துக்குத் தையல் போட தலைமுடியை ஒரு பக்கம் மழிச்சாச்சு. முகம் வீங்கி, முடி மழிச்சு, மூக்கில் குழாய் வெச்ச ஒருத்தரைப் பெத்த தாய்க்கே சட்டுன்னு அடையாளம் தெரியாது.

4/ இந்த மாதிரி நேரத்துக்குத்தான் விபத்துப் பதிவேட்டில் “அங்க அடையாளங்கள்” என்று ரெண்டு வரி இருக்கு. உங்க பள்ளிக்கூட டிசியிலும் இருக்கும், “வலது முழங்கையில் ஒரு மச்சம்” என்று. வாத்தியார் அவசரமா எழுதிய அந்த வரியை யாரும் திரும்பப் பார்க்கிறதில்லை. ஆனா எங்களுக்கு அது முக்கியம். நான் எழுதினது இது. ஒண்ணு, வலது கழுத்தில், காரை எலும்புக்கு ரெண்டு விரல் மேலே, சுருங்கிய பழைய தழும்பு, சுமார் 3 செ.மீ. ரெண்டு, வலது முன்கை உட்புறம் பச்சை குத்திய சிலுவை, அதுக்குக் கீழே ஒரு எழுத்து.

5/ கழுத்துத் தழும்பைப் பார்த்ததும் எதனால வந்ததுன்னு ஓரளவு ஊகிச்சேன். சின்ன வயசில் கண்டமாலை வந்து, அதாவது காசநோயால் நெறி கட்டி உடைஞ்சு ஆறினா, தோல் இப்படி உள்ளே இழுத்த மாதிரி சுருங்கும். இன்னொருத்தர் கழுத்தில் அதே இடத்தில், அதே அளவில், அதே சுருக்கத்தோட வர்றது ரொம்ப அபூர்வம். ஒருத்தரை அடையாளம் காண இதைவிட நல்ல குறி கிடைக்காது.

6/ மூணாவது நாள் ஆஸ்பத்திரி வாசலில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தாங்க. “காணவில்லை.” வெள்ளை முழுக்கைச் சட்டை, எடுப்பா நிற்கிற காலர், படிய வாரின தலை, ஐம்பது வயசுக்காரர். எங்க சிஸ்டருக்குச் சந்தேகம் வந்துச்சு. “சார், மூக்கு அப்படியே நம்ம ஆள் மாதிரி இல்ல?” என்றார். ரெண்டு பேரும் போய்ப் பார்த்தோம். மூக்கு ஒத்துப்போச்சு. காலருக்கு மேலே வலது பக்கக் கழுத்து பளிச்சென்று தெரிஞ்சுது. தழும்பு இல்லை. “இது ஆள் வேற சிஸ்டர்” என்று நான்தான் சொன்னேன்.

7/ தப்பு என்னுதுதான், மறைக்கலை. ஆனா அந்தத் தப்பு எப்படி நடந்துச்சுன்னு பாருங்க. அடையாளம் காணும் வேலையில், ஒரு குறி ரெண்டு பக்கமும் இருந்தா “இவராக இருக்கலாம்” என்றுதான் சொல்வோம். ஒரு பக்கம் இருந்து இன்னொரு பக்கம் இல்லைன்னா “இவர் இல்லை” என்று அடிச்சுச் சொல்லிடுவோம். பழைய தழும்பு ராத்திரியோட ராத்திரியா முளைக்காது. அதனால “இல்லை” என்கிற பதில் “ஆமா”வைவிட எப்பவும் உறுதியா வந்து விழும். போட்டோவில் தழும்பை அழிக்கிறவர் எங்களுக்கு உறுதியான ஒரு பொய்யைக் கொடுக்கிறார்.

8/ ஆறாவது நாள் அவரோட மகன் வார்டு வார்டாத் தேடிக்கிட்டு வந்தான். கட்டில் பக்கத்தில் நின்னு ரொம்ப நேரம் பார்த்தான். பிறகு போர்வையை விலக்கி வலது கையைத் திருப்பினான். சிலுவை. “சார், இது எங்க அப்பாதான்.” கீழே இருந்த எழுத்து அவன் அம்மா பேரோட முதல் எழுத்து. நான் கேட்டேன், “தம்பி, நோட்டீஸ்ல கழுத்துத் தழும்பே இல்லையேப்பா?” அவன் போனை எடுத்து அசல் படத்தைக் காட்டினான்.

9/ அசல் படம் கடற்கரையில் எடுத்தது. கையில்லாத பனியன், இடுப்பில் சாரம், வலையைப் பிடிச்சபடி சிரிக்கிறார். கழுத்துத் தழும்பு வெயிலில் அப்படியே தெரியுது. முன்கைச் சிலுவையும் பாதி தெரியுது. “பனியனோட நோட்டீஸ் போட்டா மதிப்பா இருக்காதுன்னு மாமா சொன்னாங்க, ஸ்டூடியோல சட்டை போட்டுத் தந்தாங்க” என்றான். அப்பாவைக் கௌரவமாக் காட்டணும்னு நினைச்ச பிள்ளையை நான் என்ன சொல்ல. அந்த மூணு நாள்ல குடும்பம் வந்து சேர்ந்திருந்தா, அவருக்குச் சர்க்கரை இருக்கு, இன்ன மாத்திரை சாப்பிடுறார்னு எங்களுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கும்.

10/ ஸ்டூடியோக்காரர் வேணும்னு செஞ்சிருக்க மாட்டார். பிறகு எனக்குத் தெரிஞ்ச இன்னொரு ஸ்டூடியோ நண்பர் பக்கத்தில் உட்கார்ந்து, சட்டை மாத்துற வேலையை முதலிலிருந்து கடைசிவரை பார்த்தேன். அடையாளம் தொலையிற இடங்கள் மூணுதான்.

11/ முதல் இடம், ஒட்டு. புதுக் காலரைக் கழுத்தில் வெச்சா ஓரம் கத்தரிச்ச மாதிரி தெரியும். அது தெரியாம இருக்க, காலரை ஒட்டின தோலை மென்மையான பிரஷால் தேய்ச்சு இழைப்பாங்க. இல்லேன்னா பக்கத்துத் தோலை நகல் எடுத்து மேலே பூசுவாங்க. தேய்க்கிற அகலம் ஒரு விரல் அளவு இருக்கும். நம்ம ஆளோட தழும்பு அந்த ஒரு விரலுக்குள்ளதான் இருந்துச்சு. தைராய்டு ஆபரேஷன் தழும்பும் கழுத்தின் அடியில், காலர் பட்டன் கிட்டேதான் வரும். தொண்டையில் துளை போட்டுக் குழாய் வெச்ச தழும்பும் அதே இடம்தான். காலர் ஓரம்தான் நிறைய அடையாளங்கள் இருக்கிற இடம், தேய்க்கிறதும் அதைத்தான்.

12/ ரெண்டாவது இடம், காணாத தோல். அசலில் முழுக்கைச் சட்டை, புதுசில் அரைக்கை வேணும்னு கேட்டா, முழங்கைக்குக் கீழே இருக்கிற தோல் எங்கிருந்து வரும்? அசல் படத்தில் அது இல்லவே இல்லை. ஸ்டூடியோவில் வேற ஒருத்தர் கையை ஒட்டுவாங்க. போன் ஆப் தானே ஒரு கையை வரையும். ரெண்டும் வழவழன்னு இருக்கும். பெரும்பாலும் நம்ம எல்லாருக்கும் இடது தோள்பட்டைக்குக் கீழே பிசிஜி ஊசித் தழும்பு இருக்கும், ஆப் வரையிற கையில் அது இருக்காது. முன்கையில் பேர் பச்சை குத்தின நம்ம ஆச்சிமார் படத்தில் பச்சையே இல்லாத கை முளைக்கும்.

13/ ரெடிமேட் கோட் வார்ப்புகளும் இந்த வகைதான். கோட், டை, தோள், சிலதில் கழுத்தின் அடிப்பாகம் உட்பட எல்லாம் யாரோ ஒருத்தருடையது. உங்க தலையை மட்டும் தாடைக்குக் கீழே வெட்டி அதில் பொருத்துறாங்க. அப்போ படத்தில் இருக்கிற கழுத்து உங்க கழுத்தே இல்லை.

14/ மூணாவது இடம், இடம் வலம் மாறுறது. வார்ப்புக்கு முகம் திரும்பின பக்கம் ஒத்துவரலைன்னா தலையைக் கண்ணாடி மாதிரி திருப்பிப் போடுவாங்க. சில போன்களில் செல்ஃபியே அப்படித்தான் பதிவாகும். வலது கன்ன மச்சம் இடது கன்னத்துக்குப் போயிடும். சாதாரணமா இதைச் சட்டைப் பையை வெச்சுக் கண்டுபிடிக்கலாம், நம்ம சட்டையில் பை இடது மார்பில் இருக்கும். ஆனா சட்டையே புதுசா ஒட்டினது என்றால் பை சரியான பக்கம் இருக்கும், முகம் மட்டும் திரும்பியிருக்கும். கண்டுபிடிக்கிற வழியும் அடைஞ்சுபோகும்.

15/ “தோலில் இருக்கிற ஒரு புள்ளிக்கு இவ்வளவு பேச்சா” என்று கேட்பீங்க. கடற்கரை மாவட்டத்தில் இருக்கோம். 2004 டிசம்பர் 26-ல் குளச்சலும் கொட்டில்பாடும் மணக்குடியும் பட்ட பாட்டைப் பார்த்தவங்க இங்க இருக்கீங்க. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி வந்தப்போ தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை ஊர்க்காரங்க நாட்கணக்கில் காத்திருந்தாங்க. கடலில் பல நாள் கிடந்த உடல்களில் முகம் உதவலை. டிஎன்ஏ பரிசோதனை வரைக்கும் போக வேண்டியிருந்துச்சு.

16/ தண்ணீரில் கிடந்த உடலில் என்ன நடக்கும்னு ஒரு டாக்டரா நேரடியாச் சொல்றேன், மனசு தாங்காதவங்க 18-க்குப் போயிடுங்க. முகம் முதலில் ஊதும், அடையாளம் தெரியாது. மேல்தோல் உறை மாதிரி உரிஞ்சு வரும். ஆனா பச்சையின் மை மேல்தோலில் இல்லை, அதுக்கு அடியில் இருக்கிற உட்தோலில் இருக்கு. அதனால மேல்தோல் உரிஞ்ச பிறகு பச்சை முன்னைவிடத் தெளிவாத் தெரியும். ஆழமான தழும்பும் உட்தோலில்தான் இருக்கு, அதுவும் நிலைச்சு நிற்கும். மங்கின பச்சையைத் தெளிவாக்க 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு தடவிப் பார்க்கிற முறைகூட உண்டு.

17/ 1935 ஏப்ரலில் ஆஸ்திரேலியாவில் சிட்னி பக்கம் ஒரு காட்சிசாலையில், பிடிச்சு வெச்சிருந்த சுறா ஒண்ணு மனுஷக் கை ஒண்ணைக் கக்குச்சு. அந்தக் கையில் ரெண்டு குத்துச்சண்டை வீரர்கள் சண்டை போடுற பச்சை இருந்துச்சு. பேப்பரில் அந்தப் பச்சையைப் பத்திப் படிச்சுத்தான், அது ஜேம்ஸ் ஸ்மித் என்கிறவரோட கைன்னு அவர் சகோதரர் அடையாளம் சொன்னார். கைரேகையும் பிறகு ஒத்துப்போச்சு. ஒரு கை மட்டும் கிடைச்சாலும் பேர் கண்டுபிடிக்க முடிஞ்சது பச்சையால்.

18/ அதனால் என் கருத்து இது. சட்டையை மாத்துறது தப்பில்லை. தோலை மாத்துறதுதான் தப்பு. அதிலும் எல்லாப் படத்துக்கும் ஒரே சட்டம் போடலை. கல்யாண ஆல்பம், வீட்டில் மாட்டுற படம், இதுக்கெல்லாம் ஒருத்தர் தன் தீக்காயத் தழும்பை மறைக்கச் சொன்னா அது அவர் உரிமை. அந்தத் தழும்போட வாழ்றது அவங்கதான். அதை எல்லாரும் பார்க்கணும்னு சொல்ல நமக்கு உரிமை இல்லை.

19/ ஆனா மூணு வகைப் படத்தில் தொடக் கூடாது. அடையாள அட்டைக்குப் போற படம், காணவில்லை நோட்டீஸுக்குப் போற படம், டாக்டருக்கு அனுப்புற படம். கடைசியைக் கொஞ்சம் விளக்குறேன். “கழுத்துல ஒரு மச்சம் பெருசாகுது டாக்டர்” என்று அனுப்புற படத்தில் போனோட அழகு ஃபில்டர் ஓடிக்கிட்டு இருக்கும். மச்சத்தின் ஓரம் ஒழுங்கா இருக்கா, நிறம் ஒரே மாதிரியா இருக்கா என்றுதான் நாங்க பார்க்கணும். ஃபில்டர் அழிக்கிறது சரியா அந்த ரெண்டையும்தான்.

20/ இனி, சரியாச் செய்றது எப்படி. ஸ்டூடியோ நண்பர் செஞ்சு காட்டினதை அப்படியே எழுதுறேன். முதலில் அசல் கோப்பை மூடி வை. Photoshop-ல் Ctrl+J அழுத்தி நகல் அடுக்கில் வேலை செய். மவுஸைத் தொடுறதுக்கு முன்னாடி வந்தவர்கிட்ட ஒரே ஒரு கேள்வி, “கழுத்துலயும் கையிலயும் மச்சம், தழும்பு, பச்சை ஏதாவது உண்டா?” ஒரு சீட்டில் குறிச்சு வை. அரை நிமிஷ வேலை.

21/ பிறகு சட்டையை மட்டும் தேர்வு செய்து மாஸ்க் போடணும், தோல் மாஸ்க்குக்கு வெளியே இருக்கணும். ஓரத்தை மென்மையாக்குறது ஒண்ணு ரெண்டு பிக்சலோட நிற்கணும், இருபது பிக்சல் போனா தழும்பு போச்சு. ஒட்டு தெரியுதுன்னா தோலைத் தேய்க்க வேண்டாம், துணியைச் சரிசெய். காலருக்கு ஒரு சின்ன நிழல் கொடுத்தா பாதி ஒட்டு மறைஞ்சிடும். அந்த நிழலையும் தழும்பு மூடாத அளவுக்கு வெளிறலா வை.

22/ முக்கியமான விதி ஒண்ணு. பழைய துணி இருந்த இடம் முழுக்கப் புதுத் துணி மூடணும். மூடலைன்னா வேற சட்டை எடு. துணி இருந்த இடத்தில் தோல் வரையக் கூடாது. பனியனுக்கு மேல் சட்டை போடலாம், முழுக்கையை அரைக்கையா வெட்டக் கூடாது. காலர் ஒரு அடையாளத்தை மூடுதுன்னா காலர் இல்லாத கழுத்து வெச்ச சட்டை எடு. வேற வழியே இல்லாம அடையாளம் மறைஞ்சா, நோட்டீஸில் அதை எழுத்தில் போடு.

23/ வெளுப்பாக்குறது, நிறம் சரிசெய்றது எல்லாம் படம் முழுக்க ஒரே அளவில் செய்யலாம். கழுத்தை மட்டும் வெளுப்பாக்கினா பழுப்பு மறு போயிடும். பிறவி மறு பல பேருக்கு லேசான பால் காப்பி நிறத்தில்தான் இருக்கும், கொஞ்சம் வெளுத்தாலே தோலோட கலந்துடும்.

24/ கடைசியா ஒரு சோதனை. அசல் படத்தை மேல் அடுக்கில் வெச்சு, கலக்கும் முறையை Difference என்று மாத்துங்க. ரெண்டு படமும் ஒண்ணா இருக்கிற இடம் கறுப்பாகும், மாறின இடம் வெளிச்சமாகும். சட்டை மட்டும் மின்னி, கழுத்தும் கையும் கறுப்பா இருந்தா வேலை சரி. கழுத்தில் ஒரு தழும்பு வடிவம் ஒளிர்ந்தா அது அழிஞ்சிருக்கு. படம் முழுக்கப் பொடிப்பொடியா மினுங்கினா பயப்பட வேண்டாம், அது சேமிக்கும்போது வர்ற சுருக்கம். நிறத்தைச் சரிசெய்றதுக்கு முன்னாடியே இந்தச் சோதனையைச் செய்யணும், இல்லேன்னா எல்லாமே மின்னும்.

25/ Photoshop இல்லாதவங்களுக்கு எளிய வழி. அசலும் மாத்தினதும் போன் கேலரியில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கட்டும். கழுத்தைப் பெருசாக்கி முன்னும் பின்னும் தள்ளிப் பாருங்க. கன்னத்துத் தோலில் துளைகள் தெரிஞ்சு கழுத்து மட்டும் மெழுகு மாதிரி இருந்தா கை வெச்சிருக்காங்க. கழுத்து மடிப்புக் கோடு காலர் கிட்ட வந்து திடீர்னு நின்னுபோனாலும் அதே அர்த்தம். பச்சை குத்தின எழுத்து கை ஓரத்தில் பாதியில் குலைஞ்சு இருந்தாலும் சந்தேகப்படுங்க.

26/ குடும்பங்களுக்கு ஒரு வேலை சொல்றேன். வீட்டில் வயசானவங்க, கடலுக்குப் போறவங்க, ஞாபகமறதி உள்ளவங்க யார் இருந்தாலும், அவங்க சம்மதத்தோட அடையாளங்களை ரெண்டு படமா எடுத்து வையுங்க. பகல் வெளிச்சம், ஃப்ளாஷ் வேண்டாம், ஃபில்டர் வேண்டாம், பின்பக்கக் கேமரா. முதல் படத்தில் முகமும் அடையாளமும் சேர்ந்து வரணும், அப்பத்தான் எந்தப் பக்கம்னு தெரியும். ரெண்டாவது படம் கிட்டத்தில், பக்கத்தில் பிள்ளைங்க ஸ்கேலை வெச்சு. போலீஸுக்கோ ஆஸ்பத்திரிக்கோ வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது போட்டோவா இல்லாம டாக்குமெண்ட்டா அனுப்புங்க, தெளிவு குறையாது.

27/ எழுத்திலும் ஒரு வரி வையுங்க. “கழுத்தில் தழும்பு” என்றால் பாதி ஊருக்குப் பொருந்தும். எந்தப் பக்கம், எந்த எலும்பிலிருந்து எத்தனை விரல் தள்ளி, எவ்வளவு நீளம், என்ன நிறம், எதனால் வந்தது. “இடது முன்கை வெளிப்புறம், மணிக்கட்டிலிருந்து நாலு விரல் மேலே, எண்ணெய் பட்ட தழும்பு, ரெண்டு செ.மீ., வெளுத்தது.” இதைப் படிச்சா எந்த ஊர் ஆஸ்பத்திரியில் இருக்கிற எந்த டாக்டரும் போர்வையை விலக்கிப் பார்த்து பதில் சொல்ல முடியும்.

28/ இதுக்கு எல்லையும் உண்டு. அடையாளம் மட்டும் வெச்சு ஒருத்தரை முடிவா இன்னார்னு சொல்ல மாட்டோம். சிலுவைப் பச்சை நம்ம கடற்கரையில் எத்தனை கையில் இருக்கு? வேல் பச்சை எத்தனை கையில் இருக்கு? ஒரு குறி போதாது. ரெண்டு மூணு குறி ஒரே உடம்பில் அதே இடத்தில் சேர்ந்து வரணும். அப்புறமும் இறந்தவர் விஷயத்தில் கைரேகை, பல், டிஎன்ஏ என்று உறுதி செய்யணும். அடையாளத்தோட வேலை, எந்தக் குடும்பத்தைக் கூப்பிடணும்னு எங்களுக்குக் காட்டுறது. அதைத் தொடக்கத்திலேயே அழிச்சிட்டா பிறகு டிஎன்ஏவை யாரோட ஒப்பிட?

29/ அவரைப் பத்திக் கேட்பீங்க. பிழைச்சுட்டார். கை இன்னும் முழுசா வரலை, பேச்சு சில சொற்கள் வந்திருக்கு. மூணு மாசம் கழிச்சு பரிசோதனைக்கு வந்தப்போ மகன்கிட்ட கேட்டேன், அந்த நோட்டீஸ் படம் என்ன ஆச்சுன்னு. “அதைக் கிழிச்சுட்டேன் சார், இப்போ வீட்டுல பனியன் போட்டோதான் மாட்டியிருக்கு” என்றான். அவர் பக்கத்தில் உட்கார்ந்து இடது கையால் கழுத்தைத் தடவிச் சிரிச்சார்.

30/ அன்னையிலிருந்து நான் ஒரு பழக்கத்தை மாத்திக்கிட்டேன். எந்த நோட்டீஸ் படத்தில் அடையாளம் இல்லைன்னாலும் “ஆள் வேற” என்று சொல்றதில்லை. குடும்பத்துக்குப் போன் போட்டு, “சட்டையை ஒட்டாத அசல் படம் இருக்கா?” என்று கேட்கிறேன். சட்டையை ஒட்டுறவங்ககிட்ட எனக்கு இருக்கிற வேண்டுகோள் ஒண்ணுதான். நான் அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டிய நிலை வராம அந்தக் கழுத்தை விட்டுவையுங்க.